வாட்டர்லைனில் காஜல்: எரிச்சல் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள்

கேள்வி: சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஏற்காடு பள்ளிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வாட்டர்லைனில், அதாவது இமையின் உள்விளிம்பில், காஜல் வைத்தால் கண் எரிகிறது, மதியத்துக்குள் கண்ணுக்குக் கீழே கரியாக இறங்கிவிடுகிறது. எந்த காஜல், எந்த ஐலைனர் வாங்கலாம்? இரவில் கண் கெடாமல் எப்படி எடுப்பது?

பதில்:

கடைக்குப் போவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். எரிச்சல் எந்த நேரத்தில் தொடங்குகிறது?

காஜல் வைத்த ஒரு நிமிடத்துக்குள் சுரீரென்று எரிந்து கண்ணீர் வந்தால், காரணம் பெரும்பாலும் அதில் உள்ள கற்பூரம், மெந்தால், வாசனை, அல்லது சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான். 'கண்ணுக்குக் குளிர்ச்சி' என்று சொல்லி விற்கும் பல காஜல்களில் அந்தக் குளிர்ச்சியைத் தருவது கற்பூரம்தான். சில மணி நேரம் கழித்து மணல் விழுந்தது போல உறுத்தினால், உதிர்ந்த மைத்துகள் கண்ணீரில் மிதக்கிறது. மறுநாள் இமைத்தோல் சிவந்து, அரித்து, செதில் செதிலாக உரிந்தால் அது ஒவ்வாமை. அந்தப் பொருளை மறுபடி தொட வேண்டாம்.

இரண்டாவது வகைதான் பஸ் பயணத்தில் மோசமாகும். இமையின் உள்விளிம்பில், இமைமுடிகளுக்குப் பின்னால், எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. அவை விடும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் கண்ணீர் சட்டென்று காய்ந்துவிடாமல் காக்கிறது. காஜலை நாம் தீட்டுவது சரியாக அந்த வாய்களின் மேல்தான். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஜன்னலோரக் காற்றில் போனால் கண்ணீர் இன்னும் வேகமாகக் காயும், கண் உறுத்தும், கை தானாகப் போய்க் கண்ணைத் தேய்க்கும். கீழே கரி இறங்குவதில் அந்தக் கைக்கும் பங்கு உண்டு. எனவே வேலைநாளில் காஜலைப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வையுங்கள். அதைவிட நல்லது, தினமும் இமைமுடிக்கு வெளியே மட்டும் ஒரு கோடு. உள்விளிம்பு விசேஷ நாட்களுக்கு.

இப்போது வாங்குவது. என் கருத்து, எடுப்பதை முதலில் யோசித்துவிட்டு அதற்கேற்ற காஜலை வாங்க வேண்டும். 24 மணி நேரம் நிற்கும், அழுதாலும் போகாது என்று சொல்லும் வாட்டர்ப்ரூஃப் பென்சில்களில் பொதுவாக ஐசோடோடெகேன் மாதிரி ஆவியாகும் கரைப்பானும், காய்ந்ததும் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும் பிசினும் இருக்கும். பிசின் வகைகளில் ட்ரைமீதைல்சிலாக்ஸிசிலிகேட் அடிக்கடி கண்ணில் படும் பெயர். இந்தப் படலம் எண்ணெய்க்குத்தான் இளகும். உள்விளிம்பில் எண்ணெய் வைத்துத் தேய்க்கக் கூடாது என்பதால், அந்தப் பென்சில் உள்ளே போனால் எடுக்க நல்ல வழியே இல்லை. வெளிக்கோட்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வைக்க, மெழுகும் எண்ணெயும் கலந்த எளிய, மென்மையான மரப் பென்சில் போதும். வாசனை, கற்பூரம், மெந்தால் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பொருட்பட்டியலில் கறுப்புக்குக் காரணமாக சி.ஐ. 77499 இருந்தால் அது இரும்பு ஆக்ஸைடு. மதியத்துக்குள் கொஞ்சம் மங்கத்தான் செய்யும், அது குறை இல்லை. திரவ ஐலைனரும் ஸ்கெட்ச் பேனா மாதிரி வரும் ஐலைனரும் உள்விளிம்புக்கு வேண்டவே வேண்டாம். ஈரத்தில் அவை சரியாகக் காயாது, காய்ந்தாலும் சிறு சிறு ஏடாக உரிந்து கண்ணுக்குள் விழும்.

கடையில் டெஸ்டர் இருந்தால் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு கோடு இழுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். (டெஸ்டரைக் கண்ணில் வைக்கவே கூடாது.) மேக்கப் எடுக்கும் திரவமான மைசெல்லார் வாட்டரில் நனைத்த பஞ்சை அதன்மேல் 20 நொடி வைத்துவிட்டு இரண்டு முறை துடைத்தால் கோடு போய்விட வேண்டும். சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உள்விளிம்புக்கு ஆகாது. வாங்கிய பிறகு ஒரு வாரம் முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் கண்ணுக்குக் கொண்டுபோங்கள்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போடும் கடைகளிலோ வேறு எங்குமோ, லேபிள் இல்லாத டப்பி மையும் சுர்மாவும் வாங்காதீர்கள். சுர்மா சிலவற்றில் ஈய சல்பைடு இருக்கும், பார்த்தால் தெரியாது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி நான்கும் அட்டையில் இருக்க வேண்டும். வீட்டில் விளக்குக் கரியில் செய்யும் மையில் ஈயம் சேராமல் இருக்கலாம், ஆனால் அதில் கிருமியைத் தடுக்க எதுவும் கிடையாது. விரலை விட்டு எடுக்கும் டப்பி என்றால் இன்னும் மோசம்.

மரப் பென்சிலை ஒவ்வொரு முறையும் லேசாகச் சீவினால் புது முனை கிடைக்கும். சேலம் வெயிலில் மெழுகு இளகி, சீவும்போதே ஒடியும்; பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுச் சீவுங்கள். ஸ்கூட்டி பெட்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இனி எடுப்பது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் கையைக் கழுவி லென்ஸை முதலில் எடுத்துவிட வேண்டும். காலையில் இதற்கு நேர்மாறாக லென்ஸ் முதலில், காஜல் பிறகு. வட்டப் பஞ்சை மைசெல்லார் வாட்டரில் நன்றாக நனைத்து, மூடிய கண்மேல் 20 முதல் 30 நொடி அழுத்தாமல் வைத்திருங்கள். பிறகு கீழ்நோக்கி ஒரே இழுப்பு. பஞ்சைத் திருப்பி இன்னொரு முறை. முன்னும் பின்னும் தேய்த்தால்தான் முடி உதிர்கிறது, மையும் உள்ளே போகிறது. வெளிக்கோடு வாட்டர்ப்ரூஃப் என்றால், வேறு பஞ்சில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முடிவரிசையில் மட்டும். தேங்காய் எண்ணெயைக் கண்ணைச் சுற்றித் தாராளமாகப் பூசுவது நம் வீடுகளில் சகஜம். ஆனால் அது உள்ளே இறங்கினால் பார்வை கொஞ்ச நேரம் மங்கும், கண்ணீர்ப் படலமும் கலையும்.

உள்விளிம்பில் மிச்சம் நிற்கும். ப்ரிசர்வேட்டிவ் இல்லாத, கண் ஈரத்துக்கான சொட்டு மருந்தை ஒரு சொட்டு விட்டுப் பத்து முறை இமையுங்கள். மை மெல்ல மூக்கோரக் கண்முனைக்கு வந்து சேரும். காது குடையும் பட்ஸை அதே சொட்டில் நனைத்து, முனையில் சேர்ந்ததை மட்டும் ஒற்றி எடுங்கள். உலர்ந்த பட்ஸ் நார் விடும். விளிம்பை வெள்ளையாகும்வரை சுரண்ட வேண்டாம், மீதியைக் கண்ணீரே காலைக்குள் தள்ளிவிடும். கடைசியில் முகத்தைத் தண்ணீரில் கழுவுங்கள், மைசெல்லார் வாட்டர் இமையில் தங்கினாலும் எரியும்.

கண்கட்டி வந்தாலோ கண் சிவந்து பீளை கட்டினாலோ அப்போது பயன்படுத்திய பென்சிலைத் தூக்கிப் போடுங்கள், சீவிக் காப்பாற்ற முடியாது. வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், இமைத்தும் தெளியாத மங்கல், கீழிமையை இழுத்தால் உள்ளே பதிந்த கறுப்புப் புள்ளிகள், இவற்றில் எது இருந்தாலும் காஜலை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது காஜலையும் அதன் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.