‘மட்டும்’ என்று ஒரு சொல்

கேள்வி: எங்கள் அம்மா 86 வயதில் தவறிப்போனார். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அப்பா முன்பே போய்விட்டார். அண்ணன், நான், தங்கை மூன்று பேர். அம்மா அண்ணன் வீட்டில்தான் இருந்தார். உயில் இல்லை. பதினாறு முடிந்ததும் நானே உட்கார்ந்து சாமான் எல்லாவற்றையும் எழுதி, விலையும் போட்டு, இருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அம்மாவின் பாம்படத்தை மட்டும் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று கழற்றியது, அப்போதிருந்து என்னிடம் இருக்கிறது. எனக்குத்தான் என்று அம்மா பல தடவை சொன்னதுதானே. இப்போது மதினி “லிஸ்ட் சரியில்லை” என்கிறார். நேர்மையாக எழுதினேன் என்று எப்படிப் புரியவைப்பது?

பதில்: ‘மட்டும்’ என்று எழுதினீர்களே, அதைத்தான் மதினியும் பார்த்திருக்கிறார். நாற்பது வருஷமாக அம்மா காதில் ஆடியதை அவர் தினமும் பார்த்தவர். லிஸ்டில் அதைத் தேடாமல் இருப்பாரா?

ஆஸ்பத்திரியில் கழற்றிய நகையை யாராவது ஒருவர் பத்திரமாக வைத்துக்கொள்வது வழக்கம். அது உங்களிடம் வந்தது பாதுகாப்புக்காக. அம்மா உங்களைக் கூப்பிட்டு, “இந்தா, இனி இது உனக்கு” என்று கையில் கொடுத்திருந்தால் அது தானம், எழுத்து வேண்டாம், அன்றைக்கே உங்களுடையது. “எனக்குப் பிறகு உனக்கு” என்று வாய்வார்த்தையாகச் சொன்னது அப்படி இல்லை. உயிலாக வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது அம்மாவின் ஆசை. அந்த ஆசையை மூன்று பேரும் மதிக்கலாம், நானும் மதிக்கத்தான் சொல்வேன். ஆனால் அதை நீங்கள் ஒருவரே தீர்ப்பாக்கி, பொருளையே கணக்கில் இருந்து எடுத்துவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதற்குப் பெயர் நேர்மை இல்லை.

நீங்கள் இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொண்டீர்கள். என்ன இருக்கிறது என்று எழுதுவது ஒன்று. யாருக்கு என்பதைப் பேசுவது வேறொன்று. முதல் வேலையில் உரிமையும் கிடையாது, விலையும் கிடையாது. பாம்படத்தை எழுதிவிட்டு எதிரே “இப்போது என்னிடம் உள்ளது, அம்மா எனக்கென்று சொன்னதாக நான் சொல்கிறேன்” என்று குறித்திருந்தால் போதும். பேச வேண்டிய நாளில் அது பேச்சுக்கு வந்திருக்கும்.

மறைத்ததால் உங்களுக்கே நஷ்டம் என்பதையும் கேளுங்கள். பாம்படம் உள்ளே கூடு, மேலே தங்கத் தகடு, நடுவில் அரக்கு. உதாரணத்துக்கு ஜோடி மொத்தம் 40 கிராம் என்று வைப்போம். எட்டு கிராம் ஒரு பவுன், ஆக “அஞ்சு பவுன் பாம்படம்” என்று ஊரில் பேச்சு இருக்கும். அரக்கு 12 கிராம் என்றால் தங்கம் 28 கிராம்தான், மூன்றரைப் பவுன். அதிலும் அந்தக் காலத்து நகை இன்றைய 22 கேரட் தரத்துக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது, ஹால்மார்க்கும் இருக்காது. கணக்கில் வராத நகைக்கு நாக்கு நாக்காக எடை ஏறும். நாளைக்கு உங்கள் பங்கில் அஞ்சு பவுனைக் கழித்தால் என்ன செய்வீர்கள்? மூன்று பேரும் ஒன்றாக ஒரு நகைக்கடைக்குப் போய் எடைபோட்டு, “அரக்குடன் இவ்வளவு” என்று எழுதுங்கள். அரக்கு எவ்வளவு என்பது உருக்கினால்தான் சரியாகத் தெரியும், அதற்காக இப்போது அதை உடைக்க வேண்டாம். கல் வைத்த நகை இருந்தால் கல்லோடு சேர்ந்த எடை என்றும் குறியுங்கள்.

விலைப் பத்தியை அடித்துவிடுங்கள். தங்கம் தினம் ஒரு விலை. பிரிக்கிற நாளின் விலையை எல்லா நகைக்கும் ஒரே மாதிரி போடுவதுதான் சரி. நீங்கள் இன்று போட்ட விலை, எதை நீங்கள் எடுக்க நினைக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு விஷயம், இதை நீங்கள் யோசிக்கவே இல்லை. அம்மா இருந்தது அண்ணன் வீட்டில். அந்த அண்டா, உருளி, வெண்கலப் பானையெல்லாம் அம்மாவுடையது என்று எதை வைத்து எழுதினீர்கள்? மதினி வீட்டார் சீராகக் கொடுத்ததும் அதே பரணில்தானே கிடக்கும். சட்டப்படி மதினி அம்மாவுக்கு வாரிசு இல்லை, சரி. உயில் இல்லாத இந்துப் பெண்ணின் சொத்து, கணவரும் இல்லாதபோது, 1956 வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் பெண் பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சம பங்கு. ஆனால் மதினியின் சீர்ப் பாத்திரம் அம்மாவின் சொத்தே இல்லையே, அதை மூன்றாகப் பிரிக்க நீங்கள் யார்? பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள், விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பெயரை அப்படியே லிஸ்டில் எழுதுங்கள். எங்கள் மாமியார் போனபோது ஒரு செப்புக் குடத்துக்காக நாத்தனார்கள் இருவரும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் புளி போட்டுத் தேய்த்தபோது தெரிந்த பெயர் பக்கத்து வீட்டு ஆச்சியுடையது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ இரவல் வந்து திரும்பாமல் போன குடம்!

ஆக, புது லிஸ்ட் போடுங்கள். மூன்று பேரும் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதினியும் கூட. சொல்வது நீங்கள், எழுதுவது மதினி, போட்டோ எடுப்பது தங்கை. ஒவ்வொரு அறையாகப் போங்கள், பரண், அடுக்களை, பீரோ, கட்டிலுக்கு அடியில். எங்கே இருந்தது, என்ன பொருள், எண்ணிக்கை அல்லது எடை, என்ன அடையாளம், இப்போது யாரிடம் என்று எழுதினால் போதும். ‘இதர சாமான்கள்’ என்று ஒரு வரி போட்டுவிடாதீர்கள், சண்டை அந்த வரியில்தான் ஒளிந்திருக்கும். வெற்றிலைச் செல்லம், பத்தமடைப் பாய், கூரைப்புடவை எல்லாம் தனித்தனி எண். நகைக்கு வராத கண்ணீர் அந்தச் செல்லத்துக்கு வரும், பார்த்திருக்கிறேன்.

வீட்டில் இல்லாததுக்கு ஒரு தனிப் பக்கம். அடகு வைத்த சீட்டு, கைமாற்றாகக் கொடுத்தது, வாங்கியது, பேங்கில் உள்ளது. பேங்கில் நாமினியாக அண்ணன் பெயர் இருந்தால் பணத்தை வாங்குவது அவர், பங்கு மூன்று பேருக்கும்தான். அம்மாவின் கடனும் ஆஸ்பத்திரிச் செலவு பாக்கியும் அதே பக்கத்தில் வரட்டும், அதை அடைத்த பிறகுதான் பங்கு என்பதால். கடைசியில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பேரும் கையெழுத்து, ஆளுக்கு ஒரு நகல். யாராவது “இது அம்மா எனக்குத் தந்தது” என்றால் அங்கேயே வாதாட வேண்டாம், குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்று ராத்திரி அண்ணன் வீட்டுக்குப் போன் போடுங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். மதினியைக் கூப்பிட்டு, “பாம்படம் என்கிட்ட இருக்கு மதினி, எழுதாம விட்டது என் தப்பு. ஞாயித்துக்கிழமை கொண்டாறேன், முதல் நம்பரா நீங்களே எழுதுங்க” என்று சொல்லுங்கள். அவர் ஏதாவது குத்தலாகச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள்.