55 வயதை நெருங்கும்போது முதலீட்டு விகிதம்: மசேநி பணத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

தெம்பனீஸ், 52 வயது: பங்கு இடிஎஃப்களில் 300,000 வெள்ளி, மத்திய சேமநிதியான மசேநியில் 240,000, வங்கியிலும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரங்களிலும் சேர்த்து 60,000 வைத்திருக்கிறேன். நூறில் வயதைக் கழித்தால் பங்கு 48 விழுக்காடுதான் இருக்க வேண்டும். மசேநியை விட்டுவிட்டுப் பார்த்தால் எனக்கு 83 விழுக்காடு வருகிறது. பாதியை விற்றுவிடட்டுமா, ஐயா?

விற்க வேண்டாம். மசேநியைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் மொத்தத் தொகை 600,000; அதில் பங்கு சரியாகப் பாதி. மசேநியின் சாதாரணக் கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடும் சிறப்புக் கணக்குக்குக் குறைந்தது 4 விழுக்காடும் வட்டி கிடைக்கிறது. சந்தை எப்படிப் போனாலும் அசல் குறைவதில்லை. கடன்பத்திரத்திடம் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தான். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவர்கள் தேவைக்கு மேல் பங்குகளை விற்று, இருபது ஆண்டு வளர்ச்சியை இழந்ததை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது 50:50 என்ற இலக்கும் இருபுறமும் 5 விழுக்காட்டுப் புள்ளி இடைவெளியும். ஆண்டுக்கு இரண்டு முறை பாருங்கள். பங்கு 45க்கும் 55க்கும் இடையில் இருந்தால் எதையும் தொடாதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட்: விற்பதே தேவையில்லை, அண்ணா. புதிதாகச் சேமிக்கும் பணத்தைக் குறைந்த பக்கம் போட்டாலே விகிதம் தானாகச் சரியாகிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தொகுப்பு சிறிதாக இருக்கும் வயதில் நீங்கள் சொல்வது சரி. 50 வயதுக்கு மேல் அது போதாது. தெம்பனீஸ் அன்பரின் பங்குகள் 30 விழுக்காடு ஏறி 390,000 ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 690,000, பங்கின் அளவு 56.5 விழுக்காடு. இதில் 45,000 வெள்ளிப் பங்கை விற்றுச் சேமிப்புப் பத்திரத்துக்கு மாற்றினால் இரண்டு பக்கமும் 345,000 ஆகிவிடும். விற்காமல் புதுப் பணத்தாலேயே சமன் செய்ய வேண்டுமென்றால் மறுபக்கமும் 390,000 ஆக வேண்டும், அதாவது 90,000 வெள்ளி தேவை. மாதம் 2,000 சேமிப்பவருக்கு அது 45 மாத வேலை. அத்தனை காலம் சந்தை காத்திருக்காது. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லாததால் நமக்கு ஆகும் செலவு தரகு போன்ற பரிவர்த்தனைக் கட்டணங்கள் மட்டுமே. வரி இருக்கும் நாட்டினர் விற்பதற்குத் தயங்குவதில் பொருள் உண்டு. அந்தத் தயக்கத்தை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை.

பீஷான், கணக்காய்வாளர்: ஏற்றத்தில் நீங்கள் சொல்வது பொருந்துகிறது. இறக்கத்தில்? மசேநியைக் கடன்பத்திரம் என்று எண்ணலாம், ஆனால் சந்தை விழும் நாளில் அதை எடுத்து நினைத்தபடி பங்கு வாங்க முடியாதே. அப்படியிருக்க அது எப்படிக் கடன்பத்திரம் ஆகும்?

இந்தத் தலைப்பின் உயிர்நாடியைத் தொட்டிருக்கிறீர்கள். அதே தொகுப்பில் பங்குகள் 30 விழுக்காடு விழுந்தால் அவற்றின் மதிப்பு 210,000, மொத்தம் 510,000, பங்கின் அளவு 41 விழுக்காடு. பாதிக்குத் திரும்ப 45,000 வெள்ளிக்குப் பங்கு வாங்க வேண்டும். கையில் இருப்பதோ 60,000. அதில் ஆறு மாத வீட்டுச் செலவுக்கான 25,000ஐத் தொடக் கூடாது, ஏனெனில் பங்குச் சந்தை விழும் காலமும் ஆட்குறைப்பு நடக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். மீதி 35,000தான்.

ஆகையால் நான் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். எவ்வளவு ஆபத்தைத் தாங்கலாம் என்பதற்கு மசேநியைச் சேர்த்த மொத்தத் தொகை. எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்குக் கையில் எடுக்கக்கூடிய தொகை மட்டும். இறக்கத்தில் இலக்கு வரை ஒரே மூச்சில் வாங்காமல், எல்லைக்கோடான 45 வரை மட்டும் வாங்கினால் 19,500 போதும். சந்தை இன்னொரு முறை விழுந்தால் மீதி 15,500 கைகொடுக்கும். சேமிப்புப் பத்திரத்தை எந்த மாதம் கேட்டாலும் திருப்பித் தருவார்கள், ஆனால் பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் வந்து சேரும். அந்தத் தாமதத்தையும் நினைவில் வையுங்கள். கடன்பத்திர நிதிகளை நம்பியவர்கள் 2022ஐ மறந்திருக்க மாட்டார்கள்: வட்டி ஏறியதால் பங்கும் கடன்பத்திர நிதியும் சேர்ந்தே விழுந்தன.

ஈசூன்: வீவக வீட்டையும் சேர்த்தால் எனக்குப் பங்கு 15 விழுக்காடுதான். அப்படியானால் எல்லாச் சேமிப்பையும் பங்கில் போடலாமா?

போடக் கூடாது. நீங்கள் குடியிருக்கும் வீடு சந்தை விழும் வாரத்தில் பணமாக மாறாது. அது இந்தக் கணக்கிலேயே வராது.

செங்காங், தாதி: எனக்கு இந்த ஆண்டு 55 ஆகிறது. மசேநியின் சாதாரண, சிறப்புக் கணக்குகளில் மொத்தம் 310,400 வெள்ளி. சிறப்புக் கணக்கை மூடிவிடுவார்களாமே? என் விகிதம் மாறுமா?

விகிதம் மாறாது, ஆனால் எடுக்கக்கூடிய தொகை மாறும். 2025 ஜனவரியிலிருந்து 55 வயதானவர்களுக்குச் சிறப்புக் கணக்கு இல்லை. 2026இல் 55ஐ எட்டுவோருக்கு முழு ஓய்வுக்காலத் தொகை 220,400 வெள்ளி. முதலில் சிறப்புக் கணக்கிலிருந்தும், போதாததற்குச் சாதாரணக் கணக்கிலிருந்தும் அது ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகிறது. உங்களுக்கு மிஞ்சும் 90,000 சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காட்டு வட்டியோடு இருக்கும், விரும்பும்போது எடுக்கலாம். நேற்றுவரை பூட்டிக் கிடந்த பணம் இன்று இறக்கத்தில் பங்கு வாங்கப் பயன்படும். அதை எடுத்து உடனே எங்காவது போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் வேண்டாம், அக்கா. அந்த வயதில் தேடி வரும் விற்பனையாளர்கள் ஏராளம்.

காக்கி புக்கிட், எஸ் பாஸ் ஊழியர்: எனக்கு மசேநியே கிடையாது, சார். எல்லாம் ஊரில் வைப்புநிதியாக ரூபாயில் இருக்கிறது. இந்த விதி எனக்கும் பொருந்துமா?

இடைவெளி விதி பொருந்தும். ஆனால் உங்களுக்குப் பாதுகாப்பான பாதியை நீங்களே கட்ட வேண்டும். முதுமையை ஊரில் கழிப்பதாக இருந்தால் அந்தப் பாதி ரூபாயில் இருப்பதே முறை. இங்கே இருப்பதாக இருந்தால் வெள்ளியில். முடிவு செய்யாத நிலையில் ஒரே நாணயத்தில் முழுவதும் வைக்காதீர்கள்.

தோ பாயோ, 66 வயது: மசேநி லைஃப் மாதம் 1,300 தருகிறது, எங்கள் செலவு 2,600. பங்கில் 180,000, வைப்பில் 80,000. வயது ஏற ஏறப் பங்கைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்கிறாள் மகள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சம்பளம் நிற்பதற்கு முந்திய ஐந்தாண்டும் பிந்திய ஐந்தாண்டும்தான் அதிக ஆபத்தானவை. அப்போது சந்தை விழுந்து, செலவுக்காக மலிவு விலையில் விற்க நேர்ந்தால், பின்னர் ஏற்றம் வந்தாலும் விற்ற பங்குகள் திரும்ப வரமாட்டா. உங்களுக்கு ஆண்டுக்குக் குறையும் தொகை 15,600. வைப்பில் உள்ள 80,000 ஏறத்தாழ ஐந்தாண்டைத் தாங்கும். சந்தை நன்றாக இருக்கும் ஆண்டில் பங்கை விற்றுச் செலவுக்கு எடுங்கள், விழுந்த ஆண்டில் வைப்பிலிருந்து எடுங்கள். விகித மறுசீரமைப்பு உங்களுக்கு இனி அந்த வழியில்தான் நடக்கும்.

அதன் பிறகும் பங்கைக் குறைக்க வேண்டுமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஓய்வு தொடங்கும்போது பங்கைக் குறைவாக வைத்து, பிறகு மெல்ல உயர்த்தலாம் என்று வேட் ஃபாவும் மைக்கேல் கிட்சஸும் 2014இல் எழுதினார்கள். அது அமெரிக்கச் சூழலை வைத்துச் செய்த ஆய்வு. ஆயுள் முழுவதும் மசேநி லைஃப் வருவதால் நம்மவர்களுக்கு அதில் ஓரளவு பொருத்தம் உண்டு என்பது என் எண்ணம்.

தோ பாயோ, 66 வயது: 85 வயதில் சந்தை விழுந்தால் விற்கவும் வாங்கவும் எனக்குத் தெளிவு இருக்குமா என்றுதான் மகள் கேட்கிறாள்.

அது விகிதக் கணக்குக்கு வெளியே நிற்கும் நியாயமான கேள்வி, ஐயா. மகள் கேட்பதில் தவறில்லை. உங்கள் இடத்தில் இருந்தால், 75 வயதுக்குள் தனித்தனிப் பங்குகளை எல்லாம் ஓரிரு இடிஎஃப்களாகச் சுருக்கி, எந்த ஆண்டு எதிலிருந்து எடுப்பது என்பதை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்து, தெளிவு போனால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தையும் இப்போதே பதிவு செய்துவிடுவேன். பங்கின் அளவை எவ்வளவு குறைப்பது என்பதை நீங்கள் இருவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.