4 நொடியில் எதைச் சொல்வது? ஆடியோ டிஸ்கிரிப்ஷன் கேள்வி பதில்

கேள்வி: 12 நிமிடக் குறும்படம். பார்வையற்றவர்களுக்காகத் திரையில் நடப்பதைக் குரலில் விவரிக்கும் ஆடியோ டிஸ்கிரிப்ஷனை அதற்கு எழுதுகிறேன். அம்மா கடிதம் படிக்கிறாள், கதவு தட்டப்படுகிறது, கடிதத்தை ஒளித்துவிட்டு "இதோ வரேன்" என்கிறாள். நடுவில் 4 நொடிதான் கிடைக்கிறது. எப்படி எழுதுவது?

அந்த 4 நொடியும் உங்களுக்கு இல்லை. வசனத்தை ஒட்டிப் பேசினால் இரண்டும் குழம்பும். முன்னும் பின்னும் அரை நொடி விட்டால் மிச்சம் 3. நிதானமாக வாசித்தால் ஐந்தாறு சொல்தான் அடங்கும்.

பலரும் முதலில் இப்படித்தான் எழுதுவார்கள்: "நரைத்த தலையோடு, வெளிர்நீலச் சேலையில், ஜன்னலோரக் கட்டிலில் அமர்ந்திருக்கும் அம்மா, கதவு தட்டும் சத்தம் கேட்டு…" அதற்குள் வசனம் வந்துவிடும். எதை வைத்துக்கொள்வது என்பதைப் படத்தின் முடிவிடம் கேளுங்கள். கடைசிக் காட்சியில் மகன் கட்டிலைத் தூக்கும்போது அந்தக் கடிதம் கிடைக்கிறது என்றால், இங்கே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"கடிதத்தை மடித்து மெத்தைக்கு அடியில் செருகுகிறாள்."

தட்டும் சத்தம் காதிலேயே விழுகிறது, அதைச் சொல்ல வேண்டாம். நரையும் சேலையும் முக்கியமென்றால், வசனமில்லாத முந்தைய காட்சியில் வைத்துவிடுங்கள். வாயைத் திறந்து, படத்தை ஓடவிட்டுப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் எல்லா வரியும் அடங்குவதுபோலத்தான் தோன்றும்.

கேள்வி: உணர்ச்சியைச் சொல்லவே கூடாது, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். சரிதானே?

பாதி சரி. "பயப்படுகிறாள்" என்பதைவிட "கடிதம் பிடித்த கை நடுங்குகிறது" நல்லது. அது பயமா கோபமா என்று முடிவு செய்வது கேட்பவர் வேலை. ஆனால் ஒன்றரை நொடிதான் இருக்கிறது, முகத்தைப் பார்க்கும் எவரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார் என்றால், "பதறுகிறாள்" என்று நான் எழுதிவிடுவேன். "பழைய நினைவில் கலங்குகிறாள்" என்று மட்டும் எழுத மாட்டேன். நினைவு திரையில் இல்லை.

கேள்வி: எங்கள் படத்தில் சப்டைட்டில் இருக்கிறது. அதையே ஒருவர் படித்துவிட்டால் போதாதா?

போதாது. சப்டைட்டிலில் இருப்பது வசனம், அது ஏற்கெனவே காதில் விழுகிறது. கடிதம் ஒளிக்கப்பட்டது அதில் எங்கும் இல்லை.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. ஒரு படத்தில் விவரிப்பவர் மூச்சுவிடாமல் பேசினார், மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இருட்டில் வந்தவன் யார் என்பதையும் முன்பே உடைத்துவிட்டார்.

மழை பெய்யும் 10 நொடியில் புதிதாக எதுவும் நடக்கவில்லை என்றால் அங்கே சும்மா இருப்பதும் எங்கள் வேலைதான். இருட்டில் வந்தவனைப் படம் மறைத்தால் நாங்களும் மறைக்க வேண்டும். "தொப்பி போட்ட ஆள்" போதும். மர்மமே இல்லாத பாத்திரத்தின் பெயரை, படம் சொல்வதற்கு முன் சொல்லலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. "அந்தப் பெண்" என்று நாலு முறை சொல்லிக் குழப்புவதற்குப் பெயரே மேல் என்பது என் பக்கம். கேட்பவராக உங்களுக்கு எது வசதி?

முதல் கேள்வி கேட்டவருக்கு இன்னொன்று: ஒலிப்பதிவுக்கு முன், பார்வையற்ற ஒருவருக்கு உங்கள் வரிகளைப் படத்தோடு சேர்த்து வாசித்துக் காட்டிக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "மகனுக்குக் கடிதம் எங்கிருந்து கிடைத்தது?" என்று அவர் கேட்டால், அந்த 3 நொடியைத் திரும்ப எழுத வேண்டும்.