மணிப்பந்தும் தரைக்கோடும்

அன்புள்ள ஐயா,

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எட்டாம் வகுப்பில் முழுவதும் பார்வையற்ற மாணவி ஒருத்தியும், குறைபார்வை உள்ள பையன் ஒருவனும் படிக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு மணிப்பந்து வாங்கினேன். அந்தப் பெண் இரண்டு நாள் ஆர்வமாக விளையாடினாள். மூன்றாம் நாள் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பந்தின் சத்தம் நன்றாகக் கேட்கிறது என்றுதான் சொல்கிறாள். அப்படியானால் எங்கே தவறுகிறது?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் ஊரில் நாங்கள் சிலர் இதே தவறைச் செய்திருக்கிறோம் என்பதால், அங்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். பந்தை உருட்டினோம், பார்வையற்ற சிறுமி ஒருத்தி அதை அழகாகத் தடுத்துப் பிடித்தாள், எழுந்தாள், பிறகு தன் அணியினர் நின்ற திசையிலேயே திருப்பி எறிந்தாள். எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். பந்து எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தடுப்பதற்காக உருண்டு எழுந்த பிறகு தான் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. பந்தின் இடத்தை ஒலி சொல்லிவிடும். ஆடுபவரின் இடத்தைத் தரைதான் சொல்ல வேண்டும். நீங்கள் பந்தைக் கொடுத்திருக்கிறீர்கள். தரையை இன்னும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்து உருவாக்கப்பட்ட விளையாட்டு கோல்பால். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946இல் ஐரோப்பாவில் தோன்றி, 1976 டொராண்டோ பாராலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டாக இருந்துவருகிறது. ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். ஓர் அணிக்கு மூவர். களத்தின் முழு அகலமும் கோல். எல்லோரும் கண்ணை முழுதாக மறைத்துக்கொண்டு ஆடுவதால் குறைபார்வை உள்ளவருக்கும் முழுப் பார்வையற்றவருக்கும் இடையே ஏற்றத்தாழ்வு இல்லை. பந்து 1.25 கிலோ எடை. உள்ளே மணிகள், மேலே ஒலி வெளிவரத் துளைகள். ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்தது கோடுதான். தரையில் மெல்லிய கயிற்றை நீட்டி, அதன்மேல் 5 சென்டிமீட்டர் அகல ஒட்டுப்பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். கையோ காலோ பட்டவுடன் கோடு தெரிந்துவிடும்.

இதை நம் ஊரில் எங்கே அமைப்பது? பள்ளி மைதானம் வேண்டாம். டெல்டாவின் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் சேறாகும். இரண்டிலும் பந்து உருளாது, உருளாத பந்து ஒலிக்காது. ஊரில் நெல் காயப்போடும் சிமென்ட் களம் இருக்குமே, அறுவடை முடிந்த பிறகு அதைக் கேளுங்கள். நன்றாகப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பின் 12 மீட்டருக்கு 6 மீட்டர் என்று சிறிய களமாக அமையுங்கள். வந்துகொண்டிருக்கும் பொருள் இடமா வலமா என்று காது நுட்பமாகப் பிரித்துச் சொல்லும். எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. ஆகவே தொடக்கத்தில் குறுகிய களமே நல்லது. கோட்டுக்குச் சணல் சுதலியே போதும். தேங்காய்நார்க் கயிறு தடிமனாக இருந்து காலை இடறிவிடும். குறைபார்வையுள்ள பையனுக்காக, வெளிறிய சிமென்ட்டின் மேல் கறுப்பு நிறப் பட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஒட்டி முடித்ததும் நீங்களே செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் குறுக்கே நடந்து பாருங்கள். உங்கள் பாதத்துக்குத் தெரியாத கோடு அவளுக்கும் தெரியாது.

கோல் கோட்டுக்கு முன்னால் ஆறடிக் கோரைப்பாய் மூன்றை, நீளம் கோட்டோடு போகும்படி வரிசையாக விரித்து, ஓரங்களைப் பட்டையால் தரையோடு ஒட்டிவிடுங்கள், ஒட்டாவிட்டால் வழுக்கும். ஆளுக்கு ஒரு பாய். விழுந்து தடுக்கும்போது முழங்கை சிராய்க்காது என்பது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயனை எங்களுக்குச் சொன்னவள் நான் மேலே குறிப்பிட்ட அதே சிறுமிதான். பாயில் கோரைகள் அகலவாக்கில் ஓடுகின்றன அல்லவா? பாயை இப்படி விரித்தால் ஒவ்வொரு கோரையும் எதிரணியை நோக்கி நேராக நீண்டிருக்கும். அவள் எழுந்ததும் உள்ளங்கையால் பாயை ஒருமுறை தடவுவாள், கோரை ஓடும் திசையை அறிவாள், பாதத்தால் முன்னோரத்துப் பட்டையைத் தேடித் தொடுவாள், பிறகு எறிவாள். கோரை முன்னும் பின்னும் ஒன்றுபோலவே ஓடும் என்பதால் பட்டையையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் முன்னோரத்துப் பட்டைக்கு அடியில் மட்டும் சுதலி வையுங்கள்.

இனி ஒலி. மணி ஒலிப்பது பந்து அசையும்போது மட்டுமே. நின்றுவிட்ட பந்தைத் தேடுவதிலேயே குழந்தைக்கு அலுப்பு வந்துவிடும். பாய்க்கு வராமல் நடுவில் நின்றுபோன பந்தை நடுவர் எடுத்து, பெயர் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். பந்தைத் தூக்கி எறியக் கூடாது. எறிபவரின் பக்கத்திலேயே தரையைத் தொட்டு உருள வேண்டும், ஏனென்றால் காற்றில் பறக்கும் பந்து பெரும்பாலும் ஓசையின்றி வரும். மணிப்பந்து உடைந்துபோனால் சாதாரணப் பந்தை மொறமொறவென்று சத்தமிடும் பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டி உருட்டலாம். பை கிழியும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனால் சிமென்ட் தரையில் நன்றாகவே கேட்கும்.

களத்தைத் தெற்கு வடக்காக அமையுங்கள். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றின் வாக்கில் களம் கிடந்தால் ஓர் அணிக்கு மணி தெளிவாகவும் மற்ற அணிக்கு மங்கலாகவும் கேட்கும். குறுக்கே வீசினால் இருவருக்கும் சமம். பக்கத்தில் உயர்ந்த சுவர் இருந்தால் எதிரொலி குழப்பும். பம்புசெட் ஓடும் நேரம், கோயிலில் ஒலிபெருக்கி போடும் நேரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பந்து உருளும்போது ஒருவரும் பேசக் கூடாது. பார்வையுள்ள பிள்ளைகள் அன்பினாலேயே "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று ஆளுக்கொன்று கத்துவார்கள். அவளை மரத்தடிக்கு அனுப்பியது அந்தக் கூச்சலாகவும் இருக்கலாம். அவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடட்டும். துண்டைக் கட்டினால் மூக்கோரமாக வெளிச்சம் கசியும். அடியில் பஞ்சு வைத்துக் கட்டுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குறைபார்வைக்குக் காரணம் விழித்திரைக் கோளாறாகவோ, மிக அதிகக் கிட்டப்பார்வையாகவோ, கண் நீர் அழுத்தமாகவோ இருந்தால் தலையில் படும் அடி எஞ்சியிருக்கும் பார்வையையும் பறித்துவிடக்கூடும். கண் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பையனைத் தடுப்பாட்டத்தில் இறக்க வேண்டாம்; அதுவரை அவன் எறியட்டும்.

முதல் நாள் பந்தையே வெளியே எடுக்காதீர்கள். காலை வெயில் ஏறுமுன் அவளைக் களத்துக்கு அழைத்துச் சென்று, கோடுகளின்மேல் வெறுங்காலோடு தன் போக்கில் நடக்க விடுங்கள், கையைப் பிடிக்காமல். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு, பாயிலிருந்து நடுக்கோட்டுக்கு, மறுபடி பாய்க்கு. அவள் "நான் இப்போது எங்கே இருக்கிறேன்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "நான் இடப்பக்கப் பாயில் இருக்கிறேன்" என்று தானாகச் சொல்லும் நாளில் பந்தை உருட்டத் தொடங்குங்கள்.