ஆன்டி-ரோ பாசிட்டிவ் என்றால் குழந்தையின் இதயம் நின்றுவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 28. ஐந்து வருடங்களாக லூபஸ் இருக்கிறது. இப்போது 15 வாரக் கர்ப்பம். இரத்தப் பரிசோதனையில் ஆன்டி-ரோ பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. இது இருந்தால் வயிற்றில் உள்ள குழந்தையின் இதயம் நின்றுவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. மாத்திரைகளும் குழந்தைக்கு ஆகாது என்று போட்டிருந்ததால் மூன்று வாரங்களாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்திவிட்டேன். அசாதயோப்ரினும் பிரெட்னிசோலோன் 5 மி.கி.யும் மட்டும் சாப்பிடுகிறேன். விரல் மூட்டுகளில் வலி இருப்பதால் மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுகிறேன். முடி கொட்டுகிறது, கன்னம் சிவக்கிறது, சீக்கிரம் களைத்துப்போகிறேன். குழந்தைக்கும் லூபஸ் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை, முன்பு சாப்பிட்டுவந்த அதே அளவில், இன்று இரவே மீண்டும் தொடங்குங்கள். உங்கள் மருத்துவரின் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்பில் அவரிடம் சொல்லிவிட்டாலே போதும். இரத்தத்தில் இம்மருந்தின் அளவு பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 40 நாட்கள் ஆகும் என்பதால், மூன்று வார இடைவெளியில் நீங்கள் எல்லாவற்றையும் இழந்துவிடவில்லை. ஆனால், நிறுத்தியதற்குச் சொன்ன காரணம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. நீங்கள் எந்த ஆபத்துக்குப் பயந்தீர்களோ, அதே ஆபத்தைக் குறைப்பதற்காகத்தான் இந்த மாத்திரை கர்ப்ப காலம் முழுவதும் தரப்படுகிறது.

குழந்தையின் இதயத்தைத் தாக்குவது மாத்திரை அன்று, உடலின் தற்காப்பு தன் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களில் உருவாகும் ஆன்டி-ரோ எதிரணுதான். தாயின் எதிரணுக்களை நஞ்சுக்கொடி குழந்தைக்கு அனுப்பிவைப்பது இயற்கையான ஏற்பாடு. பிறந்த குழந்தையை முதல் சில மாதங்கள் தொற்றுகளிலிருந்து காப்பவை அவைதாம். அந்தக் கூட்டத்தோடு ஆன்டி-ரோவும் நான்காவது மாதவாக்கில் உள்ளே போகிறது. இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டலைக் கடத்துகிற சிறிய கணு ஒன்று உண்டு. சில குழந்தைகளில் எதிரணு அந்த இடத்தில் அழற்சியை உண்டாக்கி, நாளடைவில் அதைத் தழும்பாக்கிவிடுகிறது. அப்போதும் இதயம் நின்றுவிடுவதில்லை. மேலறைகள் வழக்கம்போல நிமிடத்துக்கு 140 முறை துடித்துக்கொண்டிருக்க, கட்டளை வந்துசேராத கீழறைகள் தம் போக்கில் 50, 60 முறை துடிக்கின்றன. இதைத்தான் இதய அடைப்பு என்கிறோம். பெரியவர்களுக்கு இரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து வருகிற அடைப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

எவ்வளவு பேருக்கு வரும் என்பதையும் அந்த இணையப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். ஆன்டி-ரோ உள்ள நூறு தாய்மாரில் ஏறத்தாழ இரண்டு பேரின் குழந்தைக்கு மட்டுமே இது வருகிறது. முந்தைய குழந்தைக்கு இதய அடைப்பு வந்திருந்தால்தான் அந்த எண்ணிக்கை பதினாறு, பதினெட்டு என்று உயர்கிறது. அத்தகைய தாய்மாருக்குக் கர்ப்பத்தின் 10ஆவது வாரத்துக்குள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத் தொடங்கி, நாளொன்றுக்கு 400 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வில் அது ஏழு அளவுக்குக் குறைந்தது. முந்தைய குழந்தை எதையும் நீங்கள் குறிப்பிடாததால் இதை முதல் கர்ப்பமாகவே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நீங்கள் அந்த நூறில் இரண்டு என்ற கணக்கில்தான் இருக்கிறீர்கள்.

நீங்கள் உண்மையிலேயே விழிப்பாக இருக்க வேண்டிய காலம் இனிமேல்தான் வருகிறது. இதய அடைப்பு பெரும்பாலும் 18ஆவது வாரத்துக்கும் 24ஆவது வாரத்துக்கும் இடையில் தொடங்குகிறது. 26ஐத் தாண்டிவிட்டால் அபூர்வம். ஆகவே 16 அல்லது 18ஆவது வாரத்திலிருந்து 26 வரை, வாரம் ஒரு முறையோ இரு வாரங்களுக்கு ஒரு முறையோ, கருவின் இதயத்துக்கென்றே எடுக்கப்படும் எக்கோ பரிசோதனை உங்களுக்கு வேண்டும். வழக்கமான ஐந்தாம் மாத ஸ்கேன் இதற்கு ஈடாகாது. எக்கோவில் மேலறைச் சுவரின் அசைவும் கீழறைச் சுவரின் அசைவும் ஒரே திரையில் இரண்டு வரிசை அலைகளாக ஓடும். மேலே ஓர் அலைக்குக் கீழே ஓர் அலை என்று ஜோடி சேர்ந்து வந்தால் நல்லது. இரண்டுக்கும் இடையிலான நேரம் நீள்வது முதல் நிலை. நடுவில் கீழ் அலை ஒன்று விட்டுப்போவது இரண்டாம் நிலை. இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று அறியாமல் ஓடினால் அது முழு அடைப்பு. எந்த மருந்தாலும் அது திரும்புவதில்லை.

இதில் உள்ள சங்கடம், சீராக இருந்த இதயம் ஒரே நாளுக்குள் முழு அடைப்புக்குப் போய்விடக்கூடும் என்பது. வாரம் ஒரு முறை எக்கோ எடுத்தாலும் இடையில் ஆறு நாட்கள் இருக்கின்றன. அதனால்தான் சில மருத்துவமனைகளில், கையடக்க டாப்ளர் கருவியைத் தாயிடமே கொடுத்து, தினமும் இரண்டு மூன்று முறை குழந்தையின் துடிப்பைக் கேட்கப் பழக்குகிறார்கள். உங்கள் மருத்துவர் அப்படிச் சொன்னால், அவர் முன்னிலையில் கற்றுக்கொண்டு செய்யுங்கள். இணையத்தில் வாங்கி நீங்களாகவே வைத்துப் பார்க்காதீர்கள். கருவி உங்கள் வயிற்று இரத்தக்குழாயின் ஓசையைப் பிடித்து 80 என்று காட்டும். நள்ளிரவில் வீடே எழுந்து அழும். கேட்கும்போது மறுகையின் மணிக்கட்டில் உங்கள் நாடியையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக அடித்தால் அது உங்கள் துடிப்பு. குழந்தையுடையது 110க்கும் 160க்கும் இடையில், குதிரை ஓடுவதுபோல வேகமாகக் கேட்கும். அது 110க்குக் கீழே இறங்கினாலோ, நடுநடுவே விட்டு விட்டு ஒலித்தாலோ, அதுதான் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் செயல்பட வேண்டிய அறிகுறி. அன்றைய தினமே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், எக்கோ எடுத்துவிட வேண்டும். குழந்தை நன்றாக உதைக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். துடிப்பு 60இல் இருக்கும் குழந்தையும் உதைக்கும்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்வது இங்கே பொருந்தும். அவருக்கு லூபஸ் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. கண் உலர்கிறது என்று வருடக்கணக்காகச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். 22ஆவது வாரத்தில் ஒரு சோதனையில் குழந்தையின் துடிப்பு 68 என்று வந்தபோது, சாப்பிடாமல் வந்ததால் இருக்கும், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து நாங்கள் எக்கோ எடுத்தபோது மேலறை 142, கீழறை 64. ஆன்டி-ரோ மிக அதிக அளவில் இருந்தது. அதன் பிறகு எங்களால் செய்ய முடிந்ததெல்லாம், குழந்தையின் வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோக்கிறதா, துடிப்பு 55க்குக் கீழே போகிறதா என்று வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்ததுதான். இரண்டும் நேரவில்லை. 37ஆவது வாரத்தில் அறுவைசிகிச்சை மூலம் குழந்தை பிறந்து, முதல் மாதத்திலேயே பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. இப்படிப் பிழைத்து வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு என்றாவது ஒருநாள் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. பத்தில் இரண்டு குழந்தைகள் பிழைப்பதில்லை. அடுத்த கர்ப்பத்தில் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்தோம். குழந்தையின் இதயம் சீராக இருந்தது. அதை மாத்திரையின் வெற்றி என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மாத்திரை இல்லாவிட்டாலும் ஆறில் ஐந்து குழந்தைகள் நலமாகவே பிறக்கும். ஆனாலும் அந்த ஆறாவது குழந்தைக்காகத்தான் கொடுக்கிறோம்.

அந்த முதல் சோதனையின்போது அடைப்பு இன்னும் இரண்டாம் நிலையில் இருந்திருந்தால், நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சேரும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்திருக்கலாம். அது எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் ஒரு வாய்ப்பு. நீங்கள் சாப்பிடும் பிரெட்னிசோலோன் அந்த வேலையைச் செய்யாது. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், பத்தில் ஒரு பங்குதான் குழந்தையைச் சேர்கிறது. உங்கள் நோய்க்கு அது கர்ப்பத்தில் பாதுகாப்பான மருந்தாக இருப்பதும் இதே காரணத்தால்தான். இதைப் படித்துவிட்டு, முன்னெச்சரிக்கையாக டெக்ஸாமெத்தசோன் போட்டுக்கொள்ளலாமே என்று யாரும் கடைக்குப் போக வேண்டாம். அடைப்பு இல்லாத குழந்தைக்கு அது தீங்கு மட்டுமே செய்யும்.

அசாதயோப்ரினையும் அப்படியே தொடருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. வரை கர்ப்பத்தில் தரலாம். எனக்குக் கோபம் வருவது, மெடிக்கலில் வாங்கிய அந்தப் பெயரில்லாத வலி மாத்திரையின் மேல்தான். அது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் கலந்ததாக இருக்கும். 20ஆவது வாரத்துக்குப் பிறகு இவ்வகை மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கி, பனிக்குட நீரைக் குறைத்துவிடும். உங்கள் சிறுநீரகத்துக்கோ எப்போதுமே ஆகாது. மருத்துவர் எழுதித் தந்த பாதுகாப்பான மருந்தை நிறுத்திவிட்டு, கடைக்காரர் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் விழுங்கியிருக்கிறீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மைக்கோஃபினலேட், மெத்தோட்ரெக்ஸேட், இரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் ஆகியவைதாம் கர்ப்பத்தில் உண்மையாகவே ஆகாதவை. உங்கள் பட்டியலில் அவை இல்லை.

களைப்பும் கன்னம் சிவப்பதும் லூபஸ் இல்லாத கர்ப்பிணிக்கும் வரலாம், ஆனால் உங்கள் நிலையில் அவற்றையும் முடி கொட்டுவதையும் கர்ப்பத்தால்தான் என்று விட்டுவிடாதீர்கள். மூட்டுவலியோடு சேர்த்துப் பார்த்தால், இவை மாத்திரையை நிறுத்தியதால் நோய் மீண்டும் கிளம்புவதன் அடையாளமாக இருக்கலாம். அதைத் தீர்மானிக்கச் சிறுநீரில் புரதம், இரத்த அணுக்கள், லூபஸின் வேகத்தைக் காட்டும் டிஎஸ்-டிஎன்ஏ எதிரணு, சி3, சி4 ஆகியவற்றை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். இஎஸ்ஆர் பார்த்துப் பயப்பட வேண்டாம். கர்ப்பத்தில் அது தானாகவே ஏறும். சி3, சி4 சாதாரணமாகக் கர்ப்பத்தில் கூடும், நோய் கிளம்பினால் குறையும். ஆகவே முந்தைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். இப்போது, அதாவது 20 வாரத்துக்கு முன்பே, சிறுநீரில் புதிதாகப் புரதம் வந்தால், லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதே புரதம் 20ஆவது வாரத்துக்குப் பிறகு, இரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வந்தால், அது லூபஸா அல்லது கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறா என்று பிரிப்பது எங்களுக்கே கடினம். இப்போதைய ரிப்போர்ட் கையில் இருந்தால் அன்று அது பெரிதும் கைகொடுக்கும். அந்த இரத்த அழுத்தக் கோளாறைத் தடுக்க, குறைந்த அளவு ஆஸ்பிரினை 16ஆவது வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம். உங்களுக்கு அதை எழுதித் தந்திருக்கிறார்களா என்று அதே தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது ஒரு வாரம்தான்.

குழந்தைக்கு உங்கள் லூபஸ் அப்படியே வந்துவிடாது. சில குழந்தைகளுக்கு, கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் வட்ட வட்டமாகச் சிவந்த தடிப்பு வருவதுண்டு. உங்கள் எதிரணு அதன் இரத்தத்திலிருந்து நீங்க நீங்க, ஆறு முதல் எட்டு மாதங்களில் அதுவும் மறைந்துவிடும். அதுவரை வெயிலில் காட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். எக்கோக்கள் எல்லாம் சீராக இருந்தாலும், பிறந்தவுடன் ஓர் ஈசிஜி எடுத்துவிடச் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத் தொடரலாம். அப்போது மறுபடியும் நிறுத்திவிடாதீர்கள்.