தீபாவளி போனஸ் 50,000: கடனில் போட்டால் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தங்கை கல்யாணத்துக்காக 4 லட்சம் பர்சனல் லோன் வாங்கினேன். 15% நிலையான வட்டி, 60 மாதம், தவணை 9,516 ரூபாய். 18 தவணை முடிந்துவிட்டது, பாக்கி 3,09,472. வருகிற போனஸ் 50,000-ஐ அதில் கட்டினால் எவ்வளவு மிச்சமாகும்? முன்கூட்டிக் கட்டினால் 4 சதவீதமும் ஜிஎஸ்டியும் பிடிப்பார்களாம். "அஞ்சு தவணை குறையும், அவ்வளவுதான்" என்கிறார் கூட வேலை செய்பவர்.

பதில்: அவர் 50,000-ஐ 9,516-ஆல் வகுத்திருக்கிறார். அந்தக் கணக்கில் வட்டியே இல்லை. உண்மையில் எட்டரைத் தவணை குறையும்.

நம்ம ஊர்ப் பேச்சில் உங்களுடையது ஒன்றேகால் ரூபாய் வட்டி. நூற்றுக்கு மாதம் 1.25. ஐம்பதாயிரத்துக்கு மாதம் 625 ரூபாய். அந்தப் பணம் கடனில் இறங்கியதும் முதல் மாதமே இந்த 625 மிச்சமாகிறது. தவணையை அப்படியே கட்டி வந்தால் அந்த 625-ம் அசலுக்கே போகும், அடுத்த மாத வட்டி இன்னும் கொஞ்சம் இறங்கும். இப்படிக் குட்டி போட்டுக்கொண்டே போய், கடனின் வால் பகுதியைத் தின்றுவிடும்.

எக்செல் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரிலும் இதைப் போட்டுப் பாருங்கள். 3,09,472-இல் 50,000 போக வரும் பாக்கிதான் கடைசி எண்:

```
=NPER(15%/12,-9516,259472)
```

33.55 என்று வரும். 33 முழுத் தவணை, அப்புறம் சுமார் 5,250 ரூபாயில் ஒரு கடைசித் தவணை. போனஸ் கட்டாவிட்டால் இன்னும் 42 தவணை, ஏறக்குறைய 3,99,700 கட்டியாக வேண்டும். கட்டினால் சுமார் 3,19,300 போதும். வித்தியாசம் 80,400. அதில் உங்கள் 50,000-ஐக் கழித்தால் வட்டியில் மிச்சம் 30,400. அபராதம் 2,000, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 360. அது போக 28,000 கையில் நிற்கும்.

இந்த 28,000 தானாக வந்துவிடாது. பணம் கட்டப் போகும்போது "தவணையைக் குறைக்கட்டுமா, மாதத்தைக் குறைக்கட்டுமா?" என்று கேட்பார்கள். சில இடங்களில் கேட்கக்கூட மாட்டார்கள், தவணையைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள். அப்படிக் குறைத்தால் மாதம் 7,979 ஆகும், மாதம் 1,537 கையில் மிஞ்சும், ஆனால் 42 மாதமும் ஓட வேண்டும். மிச்சமாகும் வட்டி 14,600 மட்டுமே, பாதிக்கும் குறைவு. காரணம் எளிது: குறையும் 1,537-இல் உங்கள் 50,000-ம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக உங்களிடமே திரும்பி வந்துவிடுகிறது, வட்டியைத் தடுக்க அது கடனில் முழுதாக நிற்பதில்லை. ஆர்டர் குறைந்து ஓவர்டைம் போய்விடும் என்ற பயம் இருந்தால் அதுவும் தப்பான முடிவல்ல. எனக்கென்றால் மாதத்தைத்தான் குறைப்பேன்.

அபராதம் பற்றி ஒரு சின்ன விஷயம். 2026 ஜனவரி 1 முதல் தரப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தனிநபர் தொழில் அல்லாத தேவைக்கு வாங்கியது என்றால், முன்கூட்டிக் கட்டக் கட்டணம் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுடையது நிலையான வட்டி, அதனால் உதவாது. ஒப்பந்தத்தில் பகுதி அடைப்புக்கு எத்தனை தவணை முடிந்திருக்க வேண்டும், ஒரு முறைக்கு எவ்வளவு உச்சவரம்பு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கைமாற்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் போனஸ் முதலில் அங்கே போகட்டும். ஐம்பதாயிரத்துக்கு அங்கே மாதம் 1,000 போகிறது, இங்கே 625.

கடைசியாக, நானே பட்ட அனுபவம். பல வருடம் முன்பு என் சொந்தக் கடனில் ஒரு தொகையைக் கட்டினேன். அதை அசலில் கழிக்காமல் "முன்பணத் தவணை" என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். நாலு மாதம் அதிலிருந்தே தவணை எடுத்துக்கொண்டார்கள், வட்டி ஒரு பைசா குறையவில்லை. அதனால் "பகுதி அசல் அடைப்பு, காலம் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, திருத்திய தவணை அட்டவணையை வாங்குங்கள். தவணை பிடித்த மறுநாளே கட்டிவிடுங்கள், இடையில் நாள் வட்டி குழப்பம் வராது. அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் வட்டிக் கட்டத்தைப் பாருங்கள். 3,868 இருக்க வேண்டிய இடத்தில் 3,243-ஐ ஒட்டி இருந்தால் சரி. 3,868-ஆகவே இருந்தால் அன்றைக்கே கிளைக்குப் போய்விடுங்கள்.