மஞ்சளாகிப்போன மோதிரமும் மைத்துனர் காட்டும் கடனும்

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் அருகே செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். என் மனைவியின் 18 கேரட் வெள்ளைத் தங்க மோதிரம் ஒன்றரை ஆண்டில் மஞ்சளடித்துவிட்டது. ரோடியம் முலாம் போட 80 ரிங்கிட் கேட்கிறார்கள். மைத்துனரோ, “அதைக் கொடுத்துவிட்டு பிளாட்டினம் வாங்குங்கள், காலத்துக்கும் செலவில்லை” என்கிறார். விலை 6,000 ரிங்கிட். பழையதற்கு 1,200 கழிப்பார்களாம். மீதிக்கு 8 விழுக்காட்டு வட்டியில் 3 ஆண்டுத் தனிநபர் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மோட்டார் சைக்கிள் கடனும் ஓடுகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மோதிரம் கெட்டுப்போகவில்லை. வெள்ளைத் தங்கத்தில் முக்கால் பங்கு மஞ்சள் தங்கம்தான். பலேடியமோ நிக்கலோ கலந்து அதை வெளிறச் செய்கிறார்கள். கடையில் கண்ட பளிச்சென்ற வெண்மை, மேலே பூசிய ரோடியத்தின் நிறம். அந்தப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன்தான் இருக்கும். உள்ளங்கைப் பக்கம்தான் முதலில் தேயும், திருப்பிப் பாருங்கள்.

இப்போது கணக்கு. கடன் 4,800. இத்தகைய கடனில் முதல் நாள் தொகைக்கே மூன்று ஆண்டும் வட்டி போடுவதுண்டு. கட்டக் கட்டக் குறையாது. அப்படியானால் ஆண்டுக்கு 384, மூன்று ஆண்டுக்கு 1,152. ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை முலாம் போட்டால் பத்தாண்டில் ஏழு தடவை, 560 ரிங்கிட். மைத்துனர் மிச்சப்படுத்தித் தரும் செலவைவிட வட்டியே இரு மடங்கு.

அந்தச் செலவில்லாப் பேச்சும் பாதிதான் உண்மை. பிளாட்டினத்தின் நிறம் மாறாது, சரி. ஆனால் கீறல் விழும், பளபளப்பு மங்கும். கீறும்போது உலோகம் உதிர்வதைவிட ஓரமாக ஒதுங்குவதால் அது நெடுநாள் உழைக்கிறது. மெருகு வேண்டுமென்றால் அதற்கும் கூலி உண்டு. விரல் பருத்து அளவு மாற்றவேண்டி வந்தால், அது உருக 1,768 டிகிரி வேண்டும்; தங்கம் பற்றவைக்கும் உள்ளூர்ப் பட்டறையில் நடக்காது, ஈப்போவுக்கு அலையவேண்டியிருக்கும். அவசரத்துக்குத் தங்கத்தை வைப்பதுபோல இதை எல்லா அடகுக்கடையிலும் வைக்கவும் முடியாது.

உங்கள் மனைவி மோதிரத்தோடு வெளுப்புநீரில் துணி அலசுகிறாரா? குளோரின் வெள்ளைத் தங்கத்தை, அதிலும் நிக்கல் கலந்ததை, அரித்துக் கல் பிடிக்கும் கவ்வுகளை உடைக்கும். கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பூச்சு தேய்ந்த இடத்தில் விரல் அரித்துத் தடித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது மட்டும் உலோகத்தை மாற்றுவதில் பொருளுண்டு, அதுவும் கையில் காசிருந்தால்.

முலாம் போடும் முன் உள்பக்க முத்திரையைப் பாருங்கள். 750 என்றால் 18 கேரட். 925 என்றால் வெறும் வெள்ளி. வாங்கிய கடைக்கு ரசீதோடு போங்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் முலாம் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் முதலில் மெருகு தேய்ப்பதில் கொஞ்சம் தங்கமும் போகிறது.

உங்கள் சிக்கல் மோதிரத்தில் இல்லை. ஒரு கடன் முடியுமுன் உறவினர் பேச்சுக்கு இன்னொன்றில் கையெழுத்திடப் பார்க்கிறீர்கள். மைத்துனர் மறுபடி வந்தால், ஜாமீன் கையெழுத்து அவர் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.